'நந்தினி' வழக்கு உணர்த்தும் எல்லை: வணிக முத்திரைப் பதிவு எதைக் காக்கும், எதைக் காக்காது?

புது தில்லி: ஒரே ஒலியுடைய பெயரை ஒரே மாநிலத்தில் இரு நிறுவனங்கள் உணவுத் தொழிலில் பயன்படுத்த முடியுமா? முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2018 ஜூலை 26-ஆம் தேதி தீர்ப்பளித்தது. பெயரைப் பதிவு செய்துவிட்டால் அது முற்றிலும் தமக்கே உரியது என்று நம்பும் சிறு உணவு நிறுவனங்கள் கவனிக்க வேண்டிய தீர்ப்பு இது.

கர்நாடக கூட்டுறவு பால் உற்பத்தியாளர் கூட்டமைப்பு 1985 முதல் 'நந்தினி' என்ற பெயரில் பால் பொருள்களை விற்று வருகிறது. 1989 முதல் பெங்களூரில் 'நந்தினி டீலக்ஸ்' என்ற உணவகம் நடந்து வருகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது இரு பெயர்களுக்கும் ஓரெழுத்துதான் வேறுபாடு. இறைச்சி, மீன், காபி உள்ளிட்ட பொருள்களுக்குத் தன் முத்திரையைப் பதிவு செய்ய உணவகம் விண்ணப்பித்தபோது கூட்டமைப்பு எதிர்த்தது. அந்த எதிர்ப்பைத் துணைப் பதிவாளர் 2007-இல் நிராகரித்தார். மேல்முறையீட்டு வாரியம் அம்முடிவை மாற்றியது. உயர் நீதிமன்றமும் 2014-இல் வாரியத்தின் பக்கமே நின்றது.

நீதிபதிகள் ஏ.கே. சிக்ரி, அசோக் பூஷண் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு இந்த உத்தரவுகளை ரத்து செய்தது. நந்தினி என்பது புராணங்களில் வரும் தெய்வப் பசுவின் பெயர். எவரும் புதிதாகப் புனைந்த சொல் அல்ல. ஒன்றின் முத்திரையில் பசுவும் மற்றொன்றில் விளக்கும் இருப்பதால் தோற்றமும் வேறு. பொருள்கள் ஒரே வகுப்பில் அடங்குகின்றன என்பதனாலேயே அவை ஒத்த பொருள்கள் ஆகிவிடா என்றும் அமர்வு கூறியது. ஆனால் பால், பால் பொருள்களுக்கு உணவகம் கோரிக்கையைக் கைவிட்டிருந்ததால், அவற்றுக்குப் பதிவு கிடையாது என்பதையும் தெளிவுபடுத்தியது.

பதிவு என்பது குறிப்பிட்ட பொருள்களுக்கான உரிமை என்பதே இதன் சாரம். 2003-இல் நடைமுறைக்கு வந்த 1999-ஆம் ஆண்டு வணிக முத்திரைகள் சட்டத்தின்கீழ், பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஊறுகாய் 29-ஆம் வகுப்பிலும், மசாலாப் பொடி 30-ஆம் வகுப்பிலும், உணவகம் 43-ஆம் வகுப்பிலும் அடங்கும். ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கட்டணம் உண்டு. இணையவழி விண்ணப்பத்துக்கு, தனிநபரும் சிறு நிறுவனமும் ரூ.4,500, பிறர் ரூ.9,000 செலுத்த வேண்டும்.

விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அலுவலர் ஆட்சேபம் எழுப்பினால் 30 நாள்களில் விடையளிக்க வேண்டும். ஏற்கப்பட்ட முத்திரை வணிக முத்திரை இதழில் வெளியாகும். அதிலிருந்து 4 மாதங்களுக்குள் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பு இல்லையெனில் பதிவு கிடைக்கும். விண்ணப்ப நாளிலிருந்து 10 ஆண்டுகளுக்கு அது செல்லும்; பிறகு புதுப்பிக்கலாம்.

எடுத்துக்காட்டாக, குண்டூரில் ஊறுகாய் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனம் 2019 முதல் ஒரு பெயரைப் பயன்படுத்தி, 29-ஆம் வகுப்பில் மட்டும் பதிவு பெறுகிறது என்று கொள்வோம். பிறிதொருவர் அதே பெயரையோ மயக்கம் தரும் ஒத்த பெயரையோ ஊறுகாய்க்கு இட்டால் நீதிமன்றத்தில் தடை கோரலாம். அவர் அப்பெயரில் மசாலாப் பொடி விற்றால், இரண்டும் ஒத்த பொருள்கள் என்பதையும் வாங்குவோர் குழம்புவர் என்பதையும் நிறுவனமே மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். அதே பெயரில் 2012 முதல் ஊறுகாயைத் தொடர்ந்து விற்று வருபவரையோ பதிவுச் சான்றிதழைக் காட்டித் தடுக்க இயலாது. முன்பயனரின் உரிமையைச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு காக்கிறது. ஆகவே பழைய விற்பனை ரசீதுகளும் விளம்பரங்களும் சான்றிதழுக்கு இணையான சான்றுகள்.

சமையல் குறிப்பும் செய்முறையும் இப்பதிவில் அடங்கா. மற்றொருவர் அதே சுவையில் ஊறுகாய் செய்து வேறு பெயரில் விற்கத் தடையில்லை. பொருளின் தன்மையையோ சிறப்பையோ மட்டும் கூறும் சொற்களுக்கும் தனியுரிமை கிடைப்பது அரிது. 'மேஜிக் மசாலா' என்ற சொற்களை முன்வைத்து நெஸ்லேயின் 'மேஜிக்கல் மசாலா'வுக்கு எதிராக ஐடிசி தொடர்ந்த வழக்கு, அவை பொருளைப் புகழும், வணிகத்தில் பொதுவாக வழங்கும் சொற்கள் எனக் கூறி 2020-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. பெரிய நிறுவனத்துக்கே இந்நிலை என்றால், 'சுவை', 'நாட்டு' போன்ற சொற்களை மட்டும் நம்பும் சிறு நிறுவனத்தின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

உணவுப் பாதுகாப்பு உரிமமும் நிறுவனப் பதிவும் பெயருக்கு வணிக முத்திரை உரிமை தருவதில்லை. பையும் லேபிளும் அச்சிடுவதற்கு முன்பே, பதிவகத்தின் இணையதளத்தில் அப்பெயரையும் அதை ஒத்து ஒலிக்கும் பெயர்களையும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். பதிவு செய்யாத முன்பயனர்கள் அத்தேடலில் அகப்படமாட்டார்கள். அவர்களைக் கடைவீதியில்தான் தேட வேண்டும்.