கேஸ் ஷீட்டில் ஒரு வார்த்தை

அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவருக்கு ரத்தக்குழாய் அடைபட்டால் எலும்புக்குள் வலி உயிர் போகும். மார்ஃபின் போன்ற வலுவான மருந்துதான் கேட்கும். அதை அவர் பெயர் சொல்லிக் கேட்டால், 'மருந்துக்கு அலைகிறார்' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறார்கள். அடுத்த ஷிப்ட் டாக்டர் நோயாளிக்கு முன் அந்த வரியைத்தான் பார்க்கிறார்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இதைச் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். இப்படியொரு கற்பனை நோயாளியின் குறிப்பை இரண்டு விதமாக எழுதி, மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் கொடுத்தார்கள். மருத்துவத் தகவல் ஒன்றுதான். இழிவு தொனித்த குறிப்பைப் படித்தவர்கள் அவரைத் தாழ்வாக மதிப்பிட்டார்கள். வலி மருந்தையும் குறைத்தே தந்தார்கள்.

வேறெப்படி எழுதுவது? 'இரவு 2.00: வலி 10-க்கு 9 என்றார். 2.20: மார்ஃபின் தரப்பட்டது. 3.00: வலி 7, மீண்டும் மருந்து கேட்டார், டூட்டி டாக்டருக்குச் சொல்லப்பட்டது.' இதைப் படிப்பவருக்கு மருந்து போதவில்லை என்பது புரிந்துவிடும்.

இது பூசி மெழுகுவதல்ல. டம்ளரை வீசினாரா, 'டம்ளரைச் சுவரில் வீசினார்' என்றே எழுதுங்கள். 'முரண்டு பிடிப்பவர்' மட்டும் வேண்டாம்.