ஒரே தாளில் நிலைமின்னியல்

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் முதல் பாடமே நிலைமின்னியல்தான். திருப்புதலுக்கு உட்காரும் பிள்ளைகள் பாடத்தில் வந்த வரிசையிலேயே சூத்திரங்களை எழுதிக்கொண்டு போவார்கள். மூன்று பக்கம் நிறைந்துவிடும், ஆனால் மனதில் எதுவும் நிற்காது. தாளின் நடுவே ஒரு பெரிய கூட்டல் குறி போட்டு, நான்கு கட்டமாகப் பிரித்துக்கொள்ளச் சொல்வேன்.

மேல் வரிசையில் இடப்பக்கம் கூலூம் விசை, F = kq₁q₂/r². வலப்பக்கம் மின்புலம், E = kq/r². கீழ் வரிசையில் இடப்பக்கம் மின்னழுத்த ஆற்றல், U = kq₁q₂/r. வலப்பக்கம் மின்னழுத்தம், V = kq/r. மூலையில் k = 9 × 10⁹ N m² C⁻² என்று குறித்துக்கொண்டால் போதும்.

இப்போது தாளைப் பாருங்கள். இடமிருந்து வலம் போனால் ஒரு மின்னூட்டம் குறைகிறது. அதனால் அலகும் கூலூமால் வகுபடுகிறது: நியூட்டன் N/C ஆகிறது, ஜூல் J/C ஆகிறது. அந்த J/C-தான் வோல்ட். மேலிருந்து கீழே வந்தால் r²-இல் ஒரு r போய்விடுகிறது. மேல் வரிசை இரண்டும் வெக்டர், திசை பார்த்துக் கூட்ட வேண்டும். கீழ் வரிசை இரண்டும் ஸ்கேலர், கூட்டல் கழித்தல் குறியோடு அப்படியே கூட்டினால் போதும். நான்குமே புள்ளி மின்னூட்டங்களுக்கு மட்டும் பொருந்தும் என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

மதிப்பெண் அதிகம் போவது இந்த வெக்டர், ஸ்கேலர் வேறுபாட்டில்தான். 20 செ.மீ. இடைவெளியில் +2 μC மின்னூட்டங்கள் இரண்டு இருக்கின்றன, நடுப்புள்ளியில் என்ன நிலை? r என்பது 0.1 மீ. ஒவ்வொன்றின் மின்புலமும் 1.8 × 10⁶ N/C. எதிரெதிர்த் திசை என்பதால் மொத்தம் சுழி. மின்னழுத்தமோ 1.8 × 10⁵ V இரண்டு தடவை கூடி 3.6 × 10⁵ V. ஒன்றை −2 μC ஆக்கினால் எல்லாம் தலைகீழ்: மின்புலம் 3.6 × 10⁶ N/C, மின்னழுத்தம் சுழி. ‘E சுழி என்றால் V-யும் சுழி’ என்று எழுதுபவர்களுக்கு இந்த ஒரு கணக்கே மருந்து. தாளில் இதற்கு இடம் ஒதுக்குங்கள். செ.மீ.-ஐ மீட்டராக்க மறந்தாலும் இங்கேயே தெரிந்துவிடும்: 0.1-க்குப் பதில் 10 போட்டால் மின்புலம் பத்தாயிரம் மடங்கு சிறுத்துப்போகும்.

தாளின் பின்பக்கம் மின்தேக்கிக்கு. U = ½CV² என்றும் U = Q²/2C என்றும் இரண்டையும் எழுதி, முதலாவதன் பக்கத்தில் ‘மின்கலம் இணைந்திருக்கிறது, V மாறாது’ என்றும், இரண்டாவதன் பக்கத்தில் ‘மின்கலத்தைக் கழற்றியாச்சு, Q மாறாது’ என்றும் குறியுங்கள். மின்காப்பு மாறிலி 2 உள்ள பலகையைத் தகடுகளுக்கிடையே முழுவதும் நிரம்பும்படி செருகினால் C இரட்டிப்பாகும். மின்கலம் இருந்தால் ஆற்றலும் இரட்டிப்பு, அந்தக் கூடுதலை மின்கலம் தருகிறது. கழற்றியிருந்தால் ஆற்றல் பாதியாகிவிடும். மீதிப் பாதி எங்கே போயிற்று என்று பிள்ளைகள் கேட்பார்கள். பலகையை மின்புலமே உள்ளே இழுக்கிறது. அந்த வேலைக்குத்தான் அது செலவாகிறது.