நாலு மணிக்கு எழுப்பிவிடு, அம்மா

தூங்குகிற பிள்ளையை எழுப்பக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வாசலில் யார் வந்தாலும் அம்மா உதட்டில் விரல் வைத்து, "பிள்ளை தூங்குது" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். மூன்று பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தாள். அவளிடம் போய், "பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாலும் நாலு மணிக்கு எழுப்பிவிடு" என்று எப்படிச் சொல்வது?

மனைவியின் 26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்ததும் மாமியார் வந்து ஒன்றரை மாதம் பார்த்துக்கொண்டார். அதன் பிறகு கோவில்பட்டியிலிருந்து அம்மாவும் அப்பாவும் சென்னைக்கு வந்தார்கள். பாப்பாவுக்கு அப்போது எட்டு மாதம். இரண்டாவது வாரமே இரவுத் தூக்கம் குலைந்தது. காரணம் எனக்குத் தெரிந்தது, சொல்லத்தான் வாய் வரவில்லை. அலுவலகத்திலிருந்து போனில் சொன்னால் அதிகாரம் செய்வது போல இருக்கும். இரவு ஏழு மணிக்குக் களைத்து வந்து சொன்னால் குறை சொல்வது போல இருக்கும். அதனால் கடிதம் எழுதினேன். கல்லூரி விடுதியில் இருந்தபோது எழுதியதுதான், அதற்குப் பிறகு அவர்களுக்கு நான் எழுதிய முதல் கடிதம் இது.

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

நீங்கள் வந்த பிறகுதான் நாங்கள் இருவரும் நிம்மதியாக வேலைக்குப் போகிறோம். பாப்பா சாப்பிடுவது, குளிப்பது, விளையாடுவது எதிலும் நான் சொல்ல ஒன்றுமில்லை. பகல் தூக்கத்தைப் பற்றி மட்டும் மூன்று சின்ன விஷயங்கள். ஏன் கேட்கிறேன் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமையை நினைத்துப் பாருங்கள். பாப்பா காலை ஏழு மணிக்கு எழுந்தாள். ஒன்பதரைக்குத் தூங்க வேண்டியவள். அந்த நேரம் பார்த்துச் சித்தி வீட்டிலிருந்து ஆள் வந்தார்கள். அவளும் சிரித்துச் சிரித்து விளையாடினாள். பத்து மணிக்குக் காதைப் பிடித்து இழுத்தாள் என்று அம்மா நீதான் சொன்னாய். பத்தே முக்காலுக்கு அழ ஆரம்பித்து, பதினொன்று இருபதுக்கு உன் தோளில் தூங்கி, முப்பத்தைந்தே நிமிடத்தில் எழுந்துவிட்டாள். மறுபடி தூங்கியது மாலை மூன்று நாற்பதுக்கு. காலையில் சரியாகத் தூங்கவில்லையே என்று பாவப்பட்டு அப்படியே விட்டீர்கள். ஐந்து ஐம்பதுக்கு எழுந்தாள். அன்று இரவு அவள் தூங்கியது பத்தேகாலுக்கு. பிறகு பன்னிரண்டு, இரண்டரை, ஐந்து என்று மூன்று முறை எழுந்தாள்.

மற்ற நாட்களில் ஒன்பதரையிலிருந்து பத்தே முக்கால் வரை ஒரு தூக்கம், ஒன்றே முக்காலிலிருந்து மூன்றரை வரை இன்னொன்று. கூட்டினால் மூன்று மணி நேரம். செவ்வாய்க்கிழமைக் கணக்கைக் கூட்டினால் இரண்டே முக்கால். கால் மணி நேரம்தான் குறைவு. ஆக, அன்று குலைந்தது தூக்கத்தின் அளவு இல்லை, நேரம். அப்பா, முதல் ஸ்டேஷனில் வண்டி தாமதமானால் கடைசி ஸ்டேஷன் வரை என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விழித்திருக்கும் நேரம் முழுக்கத் தூக்கத்துக்கான பசி கொஞ்சம் கொஞ்சமாகச் சேருகிறது என்று டாக்டர் சொன்னார். நம் உடம்பிலும் அப்படித்தான். நமக்குச் சேர ஒரு பகல் முழுக்க ஆகும். எட்டு மாதப் பிள்ளைக்கு இரண்டரை மணி, மூன்று மணியிலேயே நிறைந்துவிடும். அந்த வேளையில் படுக்கவைத்தால் சட்டென்று தூங்குவாள். தவறவிட்டால் உடம்பு அவளை விழிக்கவைக்கச் சுறுசுறுப்பு கொடுக்கும். களைப்பும் துடிப்பும் ஒன்றாக இருக்கும். "தூக்கம் தப்பிப்போச்சு" என்று நீ சொல்வாயே அம்மா, அதுதான்.

அதனால் முதல் வேண்டுகோள். எழுந்து இரண்டரை மணி ஆனதும் அவள் முகத்தைக் கொஞ்சம் கவனி. பொம்மையை விட்டுவிட்டு எங்கோ வெறித்துப் பார்ப்பாள். பிறகு காதைத் தொடுவாள், கண்ணைக் கசக்குவாள். வெறித்துப் பார்க்கும்போதே அறைக்குள் கொண்டுபோய்த் திரையை இழுத்துவிட்டு, நீ எப்போதும் பாடும் தாலாட்டைப் பாடு. அழும் வரை காத்திருந்தால் நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். யாராவது வந்திருந்தால் என் பேரைச் சொல்லிக்கொள். "அவன்தான் சொல்லிட்டுப் போயிருக்கான்" என்று பழியை என்மேல் போடு.

இரண்டாவது. படுத்து நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்தில் அவள் புரளுவாள், முனகுவாள், சில நேரம் கண்ணைத் திறந்தும் பார்ப்பாள். பிள்ளைகளின் தூக்கம் ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும் இடம் அது. எழுந்துவிட்டாள் என்று நினைத்துத் தூக்கினால் உண்மையாகவே எழுந்துவிடுவாள். இரண்டு மூன்று நிமிடம் பக்கத்திலேயே சும்மா இரு. பல நாள் தானாகவே அடுத்த சுற்றுக்குள் போய்விடுவாள். அழுதால் உடனே தூக்கிவிடு. அவளை அழவிட வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்கமாட்டேன்.

மூன்றாவதுதான் கஷ்டமானது. எப்போது தூங்கியிருந்தாலும் நாலு மணிக்கு எழுப்பிவிடு. தூங்குகிற பிள்ளையை எழுப்ப உனக்கு மனசு வராது என்று தெரியும். ஆனால் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஒரு தட்டு பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு ஏழரைக்குச் சோற்றுக்கு உட்கார்ந்தால் இறங்குமா? தூக்கப் பசியும் அப்படித்தான். இரவு ஏழரைக்குத் தூங்க வேண்டுமென்றால் மூன்றரை, நாலு மணி நேரமாவது விழித்திருக்க வேண்டும். திரையை விலக்கிவிட்டு, பாத்திரச் சத்தம் கேட்கும்படி கதவைத் திறந்து வை. அவளே மெல்ல விழிப்பாள். இல்லாவிட்டால் உள்ளங்காலைத் தடவு. பகலில் சரியாகத் தூங்காத நாளில் ஐந்து மணிக்குச் சிணுங்கினாலும் படுக்கவைக்க வேண்டாம். நாங்கள் வந்து ஆறே முக்காலுக்கே இரவுத் தூக்கத்துக்குப் போட்டுவிடுகிறோம்.

தூளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் தூளியில் வளர்ந்தவன்தான். ஆனால் இவள் இப்போது புரண்டு, சேலையைப் பிடித்து எழுந்து உட்காருகிறாள். விழுந்துவிடுவாள். துணிக்குள் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுப் பாதை குறுகும் என்பது டாக்டரின் பயம். அதனால் தூளி வேண்டாம். தரையில் பாய், அதன்மேல் அந்த கெட்டி மெத்தை. மல்லாக்கப் படுக்கவை. பிறகு தானாகப் புரண்டால் பரவாயில்லை. கடுகுத் தலையணையும் போர்வையும் இல்லாமல் இருக்கட்டும்.

காய்ச்சலோ, தடுப்பூசி போட்ட நாளோ, பல் முளைக்கும் நாளோ என்றால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிடுங்கள். அவள் கேட்கும்போது தூங்கட்டும். மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம். மடியா, பாயா, எந்தப் பாட்டு, எந்தக் கதை, எதிலும் நான் தலையிடவில்லை.

உங்கள் அன்பு மகன்

கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மாலையில் அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா மட்டும், "ஏழரைக்குப் படுக்கப் போடணும்னா நீயும் ஏழு மணிக்கு வீட்டுக்கு வரணும்லா" என்றார். நியாயம்தான். எங்கள் வரவுக்காகவே எட்டரை வரை பாப்பாவை விழிக்கவைத்த நாட்களும் இருந்தன. தவறு எங்கள் பக்கமும் இருந்ததை நான் கடிதத்தில் எழுத மறந்திருந்தேன்.

அந்தக் கடிதத்தின் மணிக்கணக்கு எட்டு மாதப் பிள்ளைக்கு உரியது, அதிலும் எங்கள் பிள்ளைக்கு. அதை அப்படியே எடுத்து இன்னொரு வீட்டில் ஒட்ட முடியாது. நாலைந்து மாதத்தில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் பெரும்பாலான பிள்ளைகளால் விழித்திருக்க முடியாது. அதனால் பகலில் மூன்று, நாலு முறை தூங்குவார்கள். ஏழு, எட்டு மாதத்தில் அது இரண்டாகும். ஒன்றேகால், ஒன்றரை வயது வாக்கில் மதியத் தூக்கம் ஒன்று மட்டும் மிஞ்சும். நாலு மாதத்திலிருந்து ஒரு வயது வரை இரவும் பகலும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம் தூங்கலாம் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. அந்த இடைவெளியே எவ்வளவு அகலம் என்று பாருங்கள். இருபது நிமிடம் முன்பின் ஆனதற்கெல்லாம் பெரியவர்களிடம் கணக்குக் கேட்டால், அது பிள்ளையின் தூக்கத்துக்காக அல்ல, நம் பதற்றத்துக்காக.

அப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் தூக்கிப்போடாமல், அதன் பின்பக்கத்தில் பாப்பாவின் தூக்க நேரத்தை வண்டி நேரம் போலவே எழுத ஆரம்பித்தார். 9.35, 10.40. 13.50, 15.25. ஃபிரிட்ஜின் மேல் ஒரு காந்தத்தில் அந்தத் தாள்கள் சேர்ந்தன. இரவு வந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். பகலில் எப்படித் தூங்கினாள் என்று கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. அந்தக் கேள்வியில் இருந்த விசாரணைத் தொனியும் கூடவே போய்விட்டது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. இரண்டு நிமிடம் காத்திருக்கும் விஷயம் அம்மாவுக்கு இன்றுவரை கைகூடவில்லை. முனகல் கேட்டால் கை தானாக நீண்டுவிடுகிறது. அந்த நாட்களில் பகல் தூக்கம் நாற்பது நிமிடத்தோடு நிற்கிறது. நாங்கள் இரவில் அரை மணி முன்னதாகப் படுக்கவைக்கிறோம். நான் ஒன்றும் சொல்வதில்லை.

மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, தாளில் அப்பாவின் எண்களுக்குக் கீழே அம்மாவின் கையெழுத்து இருந்தது. வீட்டில் யாரோ பெயின்ட் அடிக்க வந்த சத்தத்தில் அன்று மதியத் தூக்கம் தள்ளிப்போயிருக்கிறது. "14.55 தூக்கம்" என்று அப்பா எழுதியிருந்தார். அம்மா எழுதியது இது: "4 மணிக்கு எழுப்பினேன். அழுதாள். எனக்கும் அழுகை வந்தது."

அன்று இரவு பாப்பா ஏழு நாற்பதுக்குத் தூங்கினாள். அம்மாவிடம் போய்ச் சொல்லலாம் என்று பார்த்தால், அவளும் தூங்கிவிட்டிருந்தாள். எழுப்பவில்லை.