எந்தத் தேதியை அச்சிடுவது?

புதிய அடுக்குமாடித் திட்டம் ஒன்றின் புரோஷரைப் பிரித்தால் நீச்சல் குளமும் கிளப் ஹவுஸும் பளிச்சென்று தெரியும். வாங்க வந்தவர் தேடுவது அதையல்ல. சொன்ன நாளில் சாவி கொடுப்பார்களா, நாம் கட்டும் பணம் இந்த சைட்டிலேயே செலவாகுமா என்பதுதான் அவர் கவலை. அதற்குப் பதிலாக அவருக்குக் கிடைப்பது "நம்பிக்கையின் மறுபெயர்" என்கிற வகை வாசகம். இதை எந்த பில்டரும் போட்டுக்கொள்ளலாம் என்பதே இதிலுள்ள கோளாறு.

2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம் வந்த பிறகு புரோஷர் வெறும் விளம்பரத் தாள் அல்ல. அதிலோ மாதிரி வீட்டிலோ காட்டியதை நம்பிப் பணம் கட்டியவர், அது பொய்யாகிப்போனால் இழப்பீடு கேட்கலாம். வேண்டாம் என்று விலகி, கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பவும் கேட்கலாம். ஆகவே எழுதுகிறவர் ஒவ்வொரு வரியையும் பத்திரத்தில் எழுதுவதுபோல எழுதுவது நல்லது.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சென்னைப் புறநகரில் ஸ்டில்ட்டும் ஐந்து மாடியுமாக 40 வீடுகள். விற்பனைப் பிரிவு எழுதிக் கொடுத்த வரி: "2028 பொங்கலை உங்கள் சொந்த வீட்டில் கொண்டாடுங்கள்!" ரெரா பதிவில் பில்டர் உறுதிமொழியாகக் கொடுத்த முடிப்புத் தேதியோ 2028 செப்டம்பர் 30. விற்பனை ஒப்பந்தத்தைப் புரட்டினால் அதற்கு மேலும் ஆறு மாத 'கிரேஸ்' என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். ஆக ஒரே வீட்டுக்கு மூன்று தேதிகள், பொங்கலுக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே ஏறத்தாழ பதினான்கு மாதம். அத்தனை மாதமும் வாங்கியவர் வாடகையும் கட்டுவார், வங்கிக்கு வட்டியும் கட்டுவார்.

இதை இப்படி எழுதலாம்:

"ரெராவில் நாங்கள் பதிவு செய்துள்ள தேதி 30 செப்டம்பர் 2028. ஒப்பந்தத்திலும் இதே தேதிதான். கூடுதல் அவகாசம் எதுவும் இல்லை. முன்பே முடிக்க முயல்கிறோம். ஆனாலும் வாடகை வீட்டைக் காலி செய்வதை இந்தத் தேதியை வைத்தே திட்டமிடுங்கள். சாவி கொடுப்பது என்று நாங்கள் சொல்வது நிறைவுச் சான்று, மின் இணைப்பு, குடிநீர், லிஃப்ட் எல்லாம் தயாரான பிறகு."

கடைசி வாக்கியம் முக்கியம். சாவி கையில் இருந்தும் நிரந்தர மின் இணைப்பு வராமல் வெளியே காத்திருப்பது பலருக்கும் தெரிந்த கதை.

தாமதமானால் என்ன தருவீர்கள் என்பது அடுத்த கேள்வி. சில ஒப்பந்தங்களில் சதுர அடிக்கு மாதம் ஐந்து ரூபாய் என்று இருக்கும். ஆயிரம் சதுர அடிக்கு 5,000 ரூபாய். ரெரா சொல்வது வேறு. வீடு வேண்டும் என்று காத்திருப்பவருக்கு, கட்டிய பணத்துக்கு மாதா மாதம் வட்டி தர வேண்டும். தமிழ்நாட்டு விதிப்படி அது ஸ்டேட் வங்கியின் எம்.சி.எல்.ஆர். விகிதத்தோடு இரண்டு விழுக்காடு. எல்லாம் சேர்த்து 11 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 48 லட்சம் கட்டியவருக்கு மாதம் 44,000 ரூபாய். எப்படியும் தரவேண்டிய பணத்தை புரோஷரில் அச்சிடத் தயங்குகிற பில்டரைப் பார்த்தால் வாங்குகிறவருக்குச் சந்தேகம்தான் வரும்.

பணம் பற்றி எழுதும்போது கொஞ்சம் கை நடுங்க வேண்டும். வாங்குவோரிடம் வசூலிப்பதில் 70 விழுக்காட்டை இந்தத் திட்டத்துக்கான தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். எவ்வளவு வேலை முடிந்ததோ அந்த அளவுக்கே எடுக்கலாம், அதற்கும் பொறியாளர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் சான்று தர வேண்டும். இதைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் "உங்கள் பணம் முழுப் பாதுகாப்பு" என்று எழுதினால் அது பொய். மீதி 30 விழுக்காட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அந்த 70 விழுக்காட்டிலிருந்தும் கட்டுமானச் செலவோடு நிலத்தின் விலைக்கும் எடுக்கலாம்.

பில்டர்கள் மிகவும் தயங்குவது பழைய கணக்கைக் காட்டத்தான். முன்பு கட்டிய மூன்று திட்டங்களுக்குச் சொன்ன மாதம், கொடுத்த மாதம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் போதும். ஒன்று ஐந்து மாதம் தள்ளிப்போயிருந்தால் அதையும், காரணத்தையும் போடலாம். வாங்க வருகிறவர் அந்தக் குடியிருப்புக்கே போய் வாட்ச்மேனிடம் விசாரித்துவிடுவார்.

ரெரா பதிவு எண்ணும் இணைய முகவரியும் எந்த விளம்பரத்திலும் இருந்தாக வேண்டும். அவற்றைப் பின்னட்டை மூலையில் எறும்பு எழுத்தில் போடுவதே வழக்கம். தேதி அச்சான பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போட்டு, "இங்கே சொன்ன தேதியை அங்கே சரிபார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் நாங்கள் வாங்கக் கூடாது" என்றும் சேர்த்துவிடலாம்.