திரைக்கு முன் தாள்

கல்லடிப் பாலத்தடியிற் கேட்கும் மீனிசை பற்றிப் பத்து நிமிட உரையொன்றை மாணவரோடு ஆயத்தஞ் செய்தோம். கணினியைத் திறவாது, சிறிய ஒட்டுத்தாள்களில், தாளுக்கொரு கருத்தாக, தடித்த பேனாவால் முழு வாக்கியம் எழுதுவித்தோம். தாள்கள் 16 சேர்ந்தன. சுவரில் வரிசையாக ஒட்டி உரக்க வாசித்தோம். இரு தாள்களுக்கிடையே 'ஆகையால்', 'ஆனால்' என்பவற்றுள் ஒன்றேனும் பொருந்தாதவிடத்துத் தொடர்பு அறுந்தமை புலனாயிற்று. 1924இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் வரலாறு கூறிய ஆறு தாள்களும் அவ்வாறே அகன்றன. 'ஒலியெழுப்புவது யாது?' என்னும் வினா, பதின்மூன்றாம் இடத்தினின்று முதலிடம் பெற்றது. எஞ்சிய பத்துமே திரைவில்லைகளாயின. வில்லையை முதலில் அழகுறச் செய்திருப்பின், அதனைக் களைய மாணவர்க்கு மனம் வந்திராது; தாளைக் களைதல் எளிது. எனினும், கடைசி வரிசையில் இருப்போர்க்கு எழுத்துத் தெரியுமா என்பதைத் தாள் காட்டாது. அதனை மண்டபத் திரையிலேயே சோதித்தல் வேண்டும்.