உஷார்! ‘பண்ணிடலாம் சார்’ என்று தட்டப் போகிறீர்களா?

கையை எடுங்கள். அந்த இரண்டு வார்த்தையை அனுப்பிவிட்டால், சேர்ந்து வரும் வேலைக்குக் காசு கேட்கும் வாய் பாதி அடைபட்டுவிடும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் ஒரு கம்பெனிக்கு நான் கேட்லாக் டிசைன் செய்தேன். பேச்சு: 16 பக்கம், இங்கிலீஷ் மட்டும், 2 கரெக்‌ஷன், 16,000 ரூபாய். 8 நாள் வேலை, நாளுக்கு 2,000. நடுவில் விசிட்டிங் கார்டு வந்தது, பெட்டி லேபிள் வந்தது, ஸ்டால் பேனர் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ‘சின்ன வேலைதானே தம்பி’ என்று கம்பெனி ஓனர் எழுதுவார். நான் ‘ஓகே சார்’, ‘பரவால்ல சார்’ என்று போடுவேன். முடிக்கும்போது 20 நாள் ஓடியிருந்தது. கூலி நாளுக்கு 800. பில்லில் கூடுதலாகக் கேட்டதும் என் மெசேஜையே எனக்குத் திருப்பி அனுப்பினார். ‘நீங்கதானே பரவால்லன்னீங்க?’

அவர் காட்டியது வெறும் சாமர்த்தியம் இல்லை, சட்டத்திலும் அதற்கு எடை உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 70-ஆவது பிரிவு நம் பக்கம் நிற்கக்கூடியது. இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் முறையாகச் செய்து கொடுத்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்தால், அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது அது. ‘இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல்’ என்பதுதான் அதன் உயிர். ‘பரவால்ல, ஃப்ரீயாவே பண்ணித் தரேன்’ என்று நாமே எழுதி வைத்தால் அந்த உயிரை நம் கையாலேயே எடுக்கிறோம். சில ஆயிரத்துக்காக யாரும் கோர்ட் படி ஏறப்போவதில்லை, உண்மைதான். ஆனால் பில் பேசும் மேஜையிலும் அதே மெசேஜ்தான் சாட்சி.

‘பாக்குறேன் சார்’ இன்னும் மோசம். நம் ஊரில் அது பாதி மறுப்பு. ஓனர் காதில் அது முழுச் சம்மதம்.

ஒரு வருடம் கழித்து அதே ஓனர் புது கேட்லாக்கோடு வந்தார். பேச்சும் ரேட்டும் பழையதே. இந்த முறை கொட்டேஷனை எழுதி அனுப்பியிருந்தேன். மூன்றாம் நாளே ஆரம்பித்தார்: ‘தம்பி, அப்படியே ஹிந்திலயும் ஒண்ணு போட்டுடுங்க, எக்ஸிபிஷன் வருது.’ ‘பண்ணிடலாம் சார்’ என்று தட்டியதை அழித்துவிட்டு இதை அனுப்பினேன்:

‘வணக்கம் சார். 12-ஆம் தேதி கொட்டேஷன்படி வேலை 16 பக்க இங்கிலீஷ் கேட்லாக். ஹிந்தி அதில் இல்லை. மொழிபெயர்ப்பை நீங்கள் கொடுத்தால் பக்கத்துக்கு 500 வீதம் 8,000 ரூபாய், 5 வேலை நாள். “ஓகே 8,000” என்று பதில் போட்டதும் ஆரம்பிக்கிறேன். இங்கிலீஷ் கேட்லாக் சொன்னபடி வெள்ளிக்கிழமை வந்துவிடும்.’

இதில் ‘முடியாது’ இல்லை, ‘தப்பா நினைக்காதீங்க’வும் இல்லை. தொகையோடு பதில் கேட்டது வேண்டுமென்றேதான். வெறும் கட்டைவிரல் படம் வந்தால், எதற்கு ஓகே என்று பிறகு சண்டை வரும். கடைசி வரி முக்கியம். கூடுதல் வேலைக்குக் காசு கேட்டால் பழைய வேலையை இழுத்தடிப்பானோ என்ற பயம் அவருக்கு இருக்கும். அது அங்கேயே அடங்கிவிடும்.

மூன்றாவது கரெக்‌ஷன் வந்தபோது ‘சரி சார், மாத்திடறேன்’ என்பதற்குப் பதில்: ‘சார், பேசிய 2 கரெக்‌ஷனும் 20-ஆம் தேதியோடு முடிந்தது. இது மூன்றாவது, ஒரு ரவுண்டு 750. எல்லா மாற்றத்தையும் ஒரே லிஸ்டாகக் கொடுத்தால் ஒரு ரவுண்டாகவே கணக்கு.’ லிஸ்ட் கேட்டதுமே பாதி மாற்றம் மறைந்துபோனது. மீதியில் ஒன்று நான் விட்ட எழுத்துப்பிழை. அதற்குக் காசு கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

சலுகை கொடுக்க ஆசையா? கொடுங்கள். ஆனால் பில்லில் ‘லேபிள் 1,500, இம்முறை தள்ளுபடி 1,500’ என்று இரண்டையும் எழுதுங்கள். அடுத்த லேபிளுக்கு விலை இருக்கிறது என்பது அவருக்குத் தெரியட்டும்.

ஒன்று: கொட்டேஷனில் எண்ணிக்கையே எழுதாதவருக்கு இந்த மெசேஜ் எதுவும் உதவாது. ‘2 கரெக்‌ஷன்’ என்று எங்கும் இல்லாமல் மூன்றாவதுக்குக் காசு கேட்டால் நாம்தான் பேச்சு மாறியவர். அப்போது ‘இதுவரை செய்தது பேசிய தொகைக்குள். இன்று முதல் வருவதற்கு ரேட் இது’ என்று அந்த நாளில் கோடு போடுவதைத் தவிர வழியில்லை.

எழுத்தில் மசியாதவர் போன் போடுவார். பேசுங்கள். வைத்த கையோடு ‘இப்போது பேசியது’ என்று தொடங்கி, வேலை, தொகை, நாள் மூன்றையும் எழுதி அனுப்பி, ஓகே வந்த பிறகு ஃபைலைத் திறங்கள்.

ஹிந்தி மெசேஜுக்கு அரை நாள் பதிலே இல்லை. பார்ட்டி போய்விட்டது என்றே நினைத்தேன். சாயங்காலம் வந்தது: ‘ஹிந்தி அப்புறம் பாத்துக்கலாம். இங்கிலீஷ் வெள்ளிக்கிழமை கன்ஃபார்மா?’