ஸ்விட்ச் ஆஃப் பண்ணியும் வாஷிங் மெஷினில் தண்ணீர் ஏறுதா? தப்பு எங்கே?

இரவு துணி துவைத்து, மெஷினை ஆஃப் செய்துவிட்டுத் தூங்கப் போகிறீர்கள். காலையில் பார்த்தால் டிரம்மில் பாதி தண்ணீர்! கரன்டே இல்லாமல் எப்படி வந்தது?

முதலில் ஒரு சின்ன சோதனை. மெஷினில் தண்ணீர் ஏறும்போது, ஈரமில்லாத கையால் பிளக்கைப் பிடுங்குங்கள். தண்ணீர் நின்றால் வால்வு சரி. தப்பு நீர்மட்ட சுவிட்சிலோ, அதன் குழாயிலோ, சர்க்யூட் போர்டிலோ இருக்கிறது. நிற்காமல் ஏறினால் இன்லெட் வால்வுதான் குற்றவாளி.

வால்வுக்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. கரன்ட் வந்தால் காந்தச் சுருள் சின்னக் கம்பியைத் தூக்கி வழிவிடும். கரன்ட் போனதும் ஸ்பிரிங் கம்பியைக் கீழே தள்ளும். பிறகு குழாய்த் தண்ணீரின் அழுத்தமே சவ்வை அமுக்கி மூடும். சவ்வில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் முழுசா மூடாது. சுருளைச் சோதித்து ‘நல்லாருக்கு’ என்று சொன்னாலும், வால்வு ஒழுகாது என்று அர்த்தமில்லை.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் டேங்க், நேர் கீழே மெஷின். டேங்க்கின் நீர்மட்டம் மெஷினைவிட 2 மீட்டர் உயரம்தான். 10 மீட்டருக்கு 1 பார் என்பது கணக்கு. ஆக இங்கே கிடைப்பது 0.2 பார். பல மாடல்கள் கேட்பது இதைவிட அதிகம். ‘தண்ணி மெதுவா வருது’ என்று குழாய் இணைப்பில் இருக்கும் சின்ன வலையைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அடுத்து டேங்க் அடியில் இருக்கும் மணலும் துருவும் நேராக வால்வுக்குள். அழுத்தமும் குறைவு, குப்பையும் சேர்ந்தது: சவ்வு ஒட்டாமல் போகிறது.

நீர்மட்ட சுவிட்ச் கதை வேறு. டப்பின் அடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அதற்குப் போகும். தண்ணீர் ஏற ஏற, குழாயில் சிக்கிய காற்று சுவிட்சை அமுக்கி ‘போதும்’ என்று சொல்லும். சோப்புக் கசடு அடைத்தாலோ, குழாய் கழன்றாலோ, விரிசல் விட்டாலோ அந்தச் செய்தி போகாது. மெஷின் ஏற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் பிளக்கைப் பிடுங்கினால் நிற்கும்.

என்ன செய்யலாம்? பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, வலையைக் கழுவி மறுபடியும் மாட்டுங்கள். அப்படியும் ஒழுகினால் வால்வை முழுசாக மாற்றுவதே நல்லது. புது வால்வும் ஒழுகினால் சந்தேகப்பட வேண்டியது அழுத்தத்தை. டேங்க்கை உயர்த்தலாம், அல்லது பிரஷர் பம்ப் வைக்கலாம். நீர்மட்டக் குழாய் என்றால் அடைப்பை எடுத்து, விரிசல் இருந்தால் மாற்றினாலே பல சமயம் போதும்.

அதுவரை, துவைத்து முடிந்ததும் குழாயை மூடிவிடுங்கள். டிரம்மில் தண்ணீர் அதிகமானால் தானே வெளியேற்றும் வசதி சில மெஷின்களில் உண்டு. பிளக் பிடுங்கிய மெஷினில் அது வேலை செய்யாது.